ஒரே ரெஸ்யூமேக்கு மூன்று முறை மார்க்: எந்தத் தகுதி வெளியே தள்ளியது?

கேள்வி: அண்ணே, நான் பி.காம், காரைக்குடியில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் இருக்கிறேன். கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டை ஹோட்டலாக்கி நடத்துகிறவர்கள் அக்கவுண்ட்ஸ் எக்சிகியூட்டிவ் வேண்டும் என்று போட்டிருந்தார்கள். அப்ளை பண்ணினேன், இரண்டே நாளில் "தேர்வாகவில்லை" என்று மெயில் வந்துவிட்டது. கேட்டிருந்த தகுதிகளில் எதனால் போச்சு என்றே தெரியவில்லை. கறார், சாதாரணம், தாராளம் என்று மூன்று விதமாக ரெஸ்யூமேக்கு மார்க் போட்டுப் பார் என்கிறான் நண்பன். அதை எப்படிச் செய்வது? விளம்பரம், ரெஸ்யூமே, என் வேலை பற்றிய குறிப்பு மூன்றும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: நண்பர் சொன்னது நல்ல வழிதான், தம்பி. ஆனால் இதைச் செய்கிற பலரும் கடைசியில் வரும் மூன்று மொத்த மார்க்கைப் பார்த்துவிட்டு "கறாரில் ஃபெயில், தாராளத்தில் பாஸ்" என்று மூடி வைத்துவிடுவார்கள். அதில் ஒன்றும் தெரியாது. தாராளமாகப் பார்த்தால் யாரும் பாஸ்தானே. பார்க்க வேண்டியது ஒவ்வொரு தகுதியின் மார்க்கும் மூன்று கட்டங்களில் எப்படி நகர்கிறது என்பதை. கறாரில் சைபராக இருந்தது சாதாரணத்தில் முழு மார்க் ஆகிறதா, பாதியில் நிற்கிறதா, தாராளத்திலும் சைபராகவே கிடக்கிறதா? அந்த நகர்வுதான் காரணத்தைக் காட்டும். நீங்கள் அனுப்பியதை வைத்தே செய்து காட்டுகிறேன்.

முதலில் விளம்பரத்தை உடைக்க வேண்டும். இதை ரெஸ்யூமேவைத் திறப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள். ரெஸ்யூமேவைப் பார்த்துக்கொண்டே உடைத்தால், உங்களிடம் இருக்கிற தகுதி எல்லாம் முக்கியமாகவும் இல்லாததெல்லாம் சும்மா எழுதியதாகவும் தெரிய ஆரம்பிக்கும். விளம்பரத்தில் ஒரே வரியில் "டேலி பிரைம், ஜிஎஸ்டி ரிட்டர்ன், டிடிஎஸ்" என்று வந்தாலும் அது மூன்று தகுதி. தனித்தனி வரியாக்குங்கள். "கடின உழைப்பாளி", "குழுவோடு இணைந்து பணியாற்றுபவர்" போன்றவற்றை விட்டுவிடலாம், அவற்றை வைத்து யாரும் யாரையும் ரெஸ்யூமே கட்டத்தில் கழித்ததில்லை. அப்புறம், ஒரே விஷயம் இரண்டு முறை எண்ணப்படாமல் பாருங்கள். "3 வருட அனுபவம்" என்று ஒரு வரி, "கணக்குத் துறையில் போதிய அனுபவம்" என்று இன்னொரு வரி இருந்தால் இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே குறைக்கு இரண்டு அடி விழும், அது பெரிய காரணம்போலத் தெரியும்.

எடையை விளம்பரத்தின் வார்த்தையிலிருந்தே எடுங்கள். "கட்டாயம்", "குறைந்தபட்சம்" என்றால் 3. "தெரிந்திருக்க வேண்டும்" என்றால் 2. "இருந்தால் முன்னுரிமை" என்றால் 1. உங்கள் விளம்பரத்தை இப்படிப் பிரித்தால் ஒன்பது வரி வருகிறது, எடையின் கூட்டுத்தொகை 20.

அடுத்தது மூன்று கட்டங்களுக்கான விதி. முறை கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். தாராளம் என்றால் பாஸ் மார்க்கைக் குறைப்பது என்று நினைத்து, கறாரில் 80, சாதாரணத்தில் 70, தாராளத்தில் 50 என்று வைத்துக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தால், முடிவு மாறும்போது ரெஸ்யூமே வரியை இளகிப் படித்ததால் மாறியதா, கோட்டைத் தாழ்த்தியதால் மாறியதா என்று பிரித்தே சொல்ல முடியாது. பாஸ் மார்க்கும் எடையும் மூன்று கட்டத்திலும் ஒன்றாகவே இருக்கட்டும். மாற வேண்டியது ஆதாரத்தை எப்படிப் படிக்கிறோம் என்பது மட்டும். 20க்கு 14, அதாவது 70 சதவீதம், என்று வைத்துக்கொள்கிறேன்.

கறார் என்றால் விளம்பரம் கேட்ட அதே விஷயம் ரெஸ்யூமேவில் எழுத்தில், தேதியோடும் பெயரோடும் இருக்க வேண்டும். இருந்தால் 1, இல்லாவிட்டால் 0, பாதி மார்க் கிடையாது. சாதாரணம் என்றால் அதே வேலையை வேறு வார்த்தையில் சொல்லியிருந்தால் ஏற்கலாம். எண்ணிக்கையில் மூன்றில் இரண்டு பங்காவது இருந்தாலோ, வரி மங்கலாக இருந்தாலோ 0.5. தாராளம் என்றால் பக்கத்து வேலையாக இருந்தாலும் முழு மார்க் கொடுக்கலாம். ஆனால் அதற்கும் தாளில் ஏதாவது ஒரு வரி இருந்தாக வேண்டும். "ஆடிட்டர் ஆபீசில் இருக்கிறவனுக்கு இது தெரியாமலா இருக்கும்" என்று ஊகித்து மார்க் போடக் கூடாது. நாம் மார்க் போடுவது தாளுக்கு, ஆளுக்கு அல்ல.

எக்செல்லில் A பத்தியில் தகுதி, B-யில் எடை, C, D, E-யில் மூன்று கட்டங்கள். ஒன்பது வரிகளும் 2 முதல் 10 வரை. 11-வது வரியில் மொத்தம், 12-ல் எடை 3 உள்ள கட்டாயத் தகுதிகளில் எத்தனை சைபர் என்ற எண்ணிக்கை:

```
C11:  =SUMPRODUCT($B$2:$B$10, C2:C10)
C12:  =COUNTIFS($B$2:$B$10, 3, C2:C10, 0)
```

இரண்டையும் வலப்பக்கம் இழுத்தால் போதும். ஒரு எச்சரிக்கை: மார்க் இல்லாத கட்டத்தைக் காலியாக விடாமல் 0 என்றே அடியுங்கள். மொத்தம் போடும்போது காலிக் கட்டமும் சைபர்தான், ஆனால் `COUNTIFS` அதைச் சைபராக எண்ணாது. கட்டாயத் தகுதி ஒன்று விடுபட்டிருந்தும் 12-வது வரி "ஒன்றும் இல்லை" என்று காட்டும்.

உங்கள் ரெஸ்யூமேக்கு நான் போட்ட மார்க் இது:

| தகுதி | எடை | கறார் | சாதாரணம் | தாராளம் |
|---|---|---|---|---|
| பி.காம் | 3 | 1 | 1 | 1 |
| குறைந்தது 3 வருட அனுபவம் | 3 | 0 | 0.5 | 1 |
| டேலி பிரைம் | 3 | 0 | 1 | 1 |
| ஜிஎஸ்டி ரிட்டர்ன் தனியாகச் செய்தல் | 3 | 0 | 0.5 | 1 |
| பேங்க் ரிகன்சிலியேஷன் | 2 | 0 | 0.5 | 1 |
| டிடிஎஸ் | 2 | 0 | 0 | 0 |
| எக்செல் (`VLOOKUP`, பிவட்) | 2 | 0 | 0.5 | 1 |
| ஆங்கிலத்தில் கடிதத் தொடர்பு | 1 | 0 | 1 | 1 |
| ஹோட்டல் அனுபவம் | 1 | 0 | 0 | 1 |
| மொத்தம் (20க்கு) | | 3 | 12 | 18 |

கறாரில் 3 என்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். உங்கள் ரெஸ்யூமேவில் டிகிரி ஒன்றுதான் விளம்பரத்தின் வார்த்தையிலேயே எழுதியிருக்கிறது என்பதைத்தான் அந்த 3 சொல்கிறது. மற்ற வரிகள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் சுற்றி வளைத்துச் சொல்பவை.

ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். டேலி 0, 1, 1 என்று போகிறது. ரெஸ்யூமேவில் "டேலி ஈஆர்பி 9" என்று இருக்கிறது, விளம்பரத்தில் "டேலி பிரைம்". 2020 நவம்பரில் வந்த பிரைம், ஈஆர்பி 9-க்கு அடுத்த வெளியீடுதான். திரையும் மெனுவும் மாறினவே தவிர வவுச்சர் போடுகிறவனுக்கு அது புது உலகம் இல்லை. கணக்குத் தெரிந்தவர் படித்தால் முழு மார்க் கொடுப்பார். தெரியாதவர் வார்த்தையைத் தேடினால் கிடைக்காது. கறாரில் மட்டும் விழுந்து சாதாரணத்திலேயே முழுதாக எழுந்துவிடுகிற வரி என்றால் அது வெறும் எழுத்துப் பிரச்சினை. உங்கள் குறிப்பில் ஆபீசில் இப்போது பிரைம்தான் ஓடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிறகு ஏன் ரெஸ்யூமேவில் படித்த காலத்துச் சான்றிதழின் பெயரை மட்டும் வைத்திருக்கிறீர்கள்?

ஜிஎஸ்டி, ரிகன்சிலியேஷன், எக்செல் மூன்றும் 0, 0.5, 1. இவை மங்கல் வரிகள். "ஜிஎஸ்டி சம்பந்தமான வேலைகள் பார்த்தேன்" என்பதை எப்படி வேண்டுமானாலும் படிக்கலாம். பில்லை அடுக்கிக் கொடுத்ததும் அதுதான், மாதம் பிறந்ததும் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20-க்குள் 3பி என்று தாக்கல் செய்ததும் அதுதான். "வங்கி வேலைகள்" அதைவிட மோசம். பேங்குக்குப் போய் செக் போட்டுவிட்டு வந்ததுகூட வங்கி வேலையே. ஹோட்டலில் இந்த வரியைச் சும்மா கேட்கவில்லை. விருந்தாளி கார்டில் கட்டிய பணம் கட்டணம் கழிந்து பிந்தி வரும். ஆன்லைன் புக்கிங் தளம் தன் கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியை அனுப்பும். பில்லில் ஒரு தொகை, பாஸ்புக்கில் இன்னொரு தொகை. இரண்டையும் தினம் உட்கார்ந்து பொருத்துகிற ஆள் வேண்டும் என்றுதான் அந்த வரி இருக்கிறது. "எம்எஸ் ஆபீஸ்" என்று போட்டுவிட்டு எக்செல்லுக்கு முழு மார்க் எதிர்பார்க்க முடியாது என்பது உங்களுக்கே தெரியும்.

டிடிஎஸ் 0, 0, 0. மூன்று கட்டத்திலும் அசையவில்லை. அந்த வேலையைச் சீனியர்தான் பார்க்கிறார் என்று குறிப்பிலும் சொல்லியிருக்கிறீர்கள். இது எழுத்தில் தீராத, உண்மையான இடைவெளி. ஹோட்டல் அனுபவம் 0, 0, 1. வாடிக்கையாளர்களில் லாட்ஜும் உண்டு என்று ஒரு வார்த்தை இருப்பதால் மனமிரங்கிப் போட்ட மார்க் அது. அதன் எடையும் 1தான், அதைப் பற்றி நேரம் செலவழிக்க வேண்டாம்.

அனுபவ வரி மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. ஆடிட்டர் ஆபீசில் 2 வருஷம் 4 மாதம், அதாவது 28 மாதம். கேட்டது 36. கறாரில் சைபர், மூன்றில் இரண்டுக்கு மேல் என்பதால் சாதாரணத்தில் பாதி. தாராளத்தில் முழு மார்க் எப்படி வந்தது என்றால், ரெஸ்யூமேவின் அடியில் "இதர விவரங்கள்" என்ற தலைப்பில், பொழுதுபோக்குக்குப் பக்கத்தில், "மாமாவின் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் கணக்கு உதவி" என்று ஒரு வரி கிடக்கிறது. தேதி இல்லை. டிகிரி முடித்ததும் 8 மாதம் முழுநேரமாக அங்கே கணக்கு எழுதியதாகக் குறிப்பில் இருக்கிறது. 28-உம் 8-உம் 36. கேட்டது அப்படியே உங்களிடம் இருக்கிறது, கிரிக்கெட் பார்ப்பதற்கு அடுத்த வரியில்!

இனி, எந்தத் தகுதி வெளியே தள்ளியது என்ற கேள்விக்கு வருவோம். இதற்கு இரண்டு சோதனை செய்ய வேண்டும். ஒன்று மட்டும் செய்தால் ஏமாற்றும்.

முதல் சோதனை: சாதாரணக் கட்டத்தை எடுத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு தகுதிக்கு மட்டும் முழு மார்க் கொடுத்து மொத்தம் 14-ஐத் தொடுகிறதா என்று பார்ப்பது. F பத்தியில் இதைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
F2:  =D$11+B2*(1-D2)
```

உங்களுக்கு 12-லிருந்து 2 மார்க் வேண்டும். அனுபவத்துக்கு முழு மார்க் கொடுத்தால் 13.5. ஜிஎஸ்டிக்குக் கொடுத்தாலும் 13.5. ரிகன்சிலியேஷன், எக்செல், ஹோட்டல் ஒவ்வொன்றும் 13. டிடிஎஸ் மட்டும்தான் தனியாக 14-ஐத் தொடுகிறது. இதைப் பார்த்ததும் "ஆஹா, டிடிஎஸ்தான் காரணம்" என்று சொல்லி ஒரு கோர்ஸில் சேர்ந்துவிடத் தோன்றும். சேராதீர்கள், இன்னும் முடியவில்லை.

பாஸ் மார்க்கை 13 ஆக்கிப் பாருங்கள். டிடிஎஸ் மட்டுமல்ல, அனுபவம், ஜிஎஸ்டி, ரிகன்சிலியேஷன், எக்செல், ஹோட்டல் எல்லாமே தனித்தனியாகக் காரணமாகிவிடுகின்றன. 15 ஆக்கினால் எதுவுமே தனியாகப் போதாது, டிடிஎஸ்ஸும் சேர்த்துத்தான். நாமாக வைத்த ஒரு கோடு ஒரு மார்க் நகர்ந்தால் விடை தலைகீழாகிறது என்றால் அந்த விடையை நம்பி எதுவும் செய்யக் கூடாது. சோடிகளையும் பாருங்கள். ஜிஎஸ்டியும் எக்செல்லும் சேர்ந்தால் 14.5. அனுபவமும் ஜிஎஸ்டியும் சேர்ந்தால் 15, கோட்டை 15-க்கு உயர்த்தினாலும் அந்த ஜோடி நிற்கும். தனித்தனியே கோட்டைத் தாண்டவைக்காத இரண்டு குறைகள் சேர்ந்துதான் இழுத்துக்கொண்டிருந்தன என்பது ஒன்றொன்றாகப் பார்க்கும்போது கண்ணில் படாது.

இரண்டாவது சோதனை எதிர்த் திசையில். எல்லாவற்றுக்கும் முழு மார்க், 20க்கு 20 என்று வைத்துக்கொண்டு, ஒன்றை மட்டும் சைபர் ஆக்குவது. டிடிஎஸ்ஸைச் சைபர் ஆக்கினால் 18, நிம்மதியாகப் பாஸ். அதாவது மற்றதெல்லாம் சரியாக உள்ள ஒருவரை டிடிஎஸ் தெரியவில்லை என்பதற்காக மட்டும் யாரும் கழிக்கப்போவதில்லை. அனுபவத்தைச் சைபர் ஆக்கினால் 17, கணக்குப்படி அதுவும் பாஸ். ஆனால் இங்கே 12-வது வரி விழித்துக்கொள்ளும், கட்டாயத் தகுதியில் ஒரு சைபர். "குறைந்தது 3 வருடம்" என்று எழுதியவர்கள் பெரும்பாலும் அதைக் கூட்டல் கணக்கில் சேர்ப்பதில்லை, வாசலிலேயே வைத்துவிடுகிறார்கள். 17 மார்க் இருந்தும் உள்ளே விடமாட்டார்கள். டேலி, ஜிஎஸ்டி வரிகளுக்கும் இதே கதிதான்.

இரண்டு சோதனையையும் சேர்த்துப் படித்தால் உங்கள் விஷயம் தெளிவாகிவிடுகிறது. டிடிஎஸ் கடைசி இரண்டு மார்க்கைக் கெடுத்தது, அவ்வளவுதான். உங்களைத் தள்ளியது கறார் கட்டத்தில் சைபராக நின்ற மூன்று கட்டாயத் தகுதிகள். அவற்றில் டேலியும் ஜிஎஸ்டியும் எழுத்துக் குறை. அனுபவம், தாளில் தப்பான இடத்தில் கிடந்த உண்மை.

கறாரில்தான் போயிருக்கும் என்று எப்படிச் சொல்கிறேன்? இரண்டே நாளில் வந்த பதிலை வைத்துத்தான். இந்த மூன்று கட்டத்தையும் மூன்று ஆட்கள் என்று வைத்துப் பாருங்கள். வந்த விண்ணப்பங்களை முதலில் கழிக்கிறவர் பெரும்பாலும் கணக்குத் தெரிந்தவர் இல்லை. ஃப்ரண்ட் ஆபீஸ் மேனேஜராகவோ ஏஜென்சிக்காரராகவோ இருப்பார். விளம்பரத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு வார்த்தையையும் வருடத்தையும் தேடுவார். அது கறார். அவரைத் தாண்டினால் அக்கவுண்ட்ஸ் மேனேஜர் படிப்பார், ஈஆர்பி 9 என்றால் பிரைமும் வரும் என்று அவருக்குத் தெரியும். அது சாதாரணம். தாராளமாகப் படிப்பவர் முதலாளி. நம்ம பக்கம் பல வீட்டுக்காரர்கள் சென்னையிலோ வெளிநாட்டிலோதான் இருப்பார்கள். தெரிந்தவர் ஒரு வார்த்தை சொன்னால் தவிர ரெஸ்யூமே அவர் மேசைக்கே போகாது. நேர்முகத்துக்கு அழைத்துப் பேசிவிட்டு வேண்டாம் என்றிருந்தால் சாதாரணக் கட்டத்தின் குறைகளைத் தேடச் சொல்லியிருப்பேன். அப்போது டிடிஎஸ்ஸுக்கு இன்னும் கூடுதல் பங்கு இருந்திருக்கும்.

விண்ணப்பப் படிவத்தையும் ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். ஆன்லைனில் அப்ளை பண்ணும்போது "மொத்த அனுபவம்" என்று ஒரு கட்டம் இருந்ததா? அதில் 2 என்று தேர்ந்தெடுத்திருந்தால் ரெஸ்யூமேவை யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். மென்பொருள் வார்த்தையை எண்ணி மார்க் போட்டுத் தானாகக் கழித்துவிடுகிறது என்று பலர் பயப்படுகிறார்கள். அதைவிட இந்த மாதிரி நேர்க்கேள்விக்குக் கொடுத்த பதிலில் வடிகட்டப்படுவதுதான் சகஜம். வேலைத் தளங்களில் ஆள் தேடுகிறவர்களும் இத்தனை வருடத்துக்கு மேல் என்று வடிகட்டி வைத்துத்தான் தேடுவார்கள்.

இப்போது ரெஸ்யூமேவைத் திருத்தி அதே கறார் விதியில் மறுபடி மார்க் போடலாம். புதிதாக எதையும் சேர்க்காமல், உங்கள் குறிப்பில் உள்ளதை மட்டும் வைத்து. "ஜிஎஸ்டி சம்பந்தமான வேலைகள்" என்ற வரி இப்படி ஆகட்டும்: "மாதாமாதம் வாடிக்கையாளர்களின் ஜிஎஸ்டிஆர்-1, ஜிஎஸ்டிஆர்-3பி தயாரித்து, ஆடிட்டர் சரிபார்த்தபின் தாக்கல் செய்கிறேன், கொள்முதல் பதிவேட்டை ஜிஎஸ்டிஆர்-2பியோடு ஒப்பிட்டு, விடுபட்ட பில்களைச் சப்ளையரிடம் கேட்டு வாங்குகிறேன்." எத்தனை வாடிக்கையாளர் என்று எண்ணிக்கை போடுங்கள். "ஆடிட்டர் சரிபார்த்தபின்" என்பதை எடுத்துவிடாதீர்கள். இங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், உங்கள் ஆடிட்டருக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். தவிர, சரிபார்க்க ஒருவர் இருந்த இடத்தில் பழகியவன் என்பது கணக்கு வேலையில் குறை இல்லை.

டேலி வரியில் பிரைமை முன்னால் போட்டு, ஈஆர்பி 9-ஐப் பின்னால் வையுங்கள். வங்கி வரியில் எத்தனை கணக்குகளை எந்த இடைவெளியில் ஒப்பிடுகிறீர்கள் என்று எழுதுங்கள். எக்செல்லில் எந்த வேலைக்கு `VLOOKUP` போடுகிறீர்கள் என்று எழுதுங்கள். 2பியோடு ஒப்பிடுவதே அதில்தான் செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறீர்கள், அதையே போடலாம். பட்டறை வேலையை அனுபவப் பகுதிக்குத் தூக்கி, தொடங்கிய மாதம், முடிந்த மாதம் இரண்டையும் எழுதுங்கள். விற்பனை பில், சிமெண்ட், மணல், கலர் கொள்முதல், கல் எண்ணிக் கொடுக்கிற கூலிக் கணக்கு என்று அங்கே செய்தது என்ன என்பதும் வரட்டும்.

கறாரில் புது மார்க்: பி.காம் 3, அனுபவம் 3, டேலி 3, ஜிஎஸ்டி 3, ரிகன்சிலியேஷன் 2, எக்செல் 2. மொத்தம் 16, கட்டாயத்தில் சைபர் இல்லை. 3-லிருந்து 16 வரை போன மார்க்கில் புதிதாகக் கற்றது ஒன்றுமில்லை. அதனால்தான் முதல் மார்க்கைப் பார்த்துத் தகுதியே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது என்கிறேன்.

ஒரு இடத்தில் மட்டும் இந்த 16 ஆட்டம் காணும். மாமா பட்டறையில் பார்த்த வேலையை அனுபவமாக ஏற்க மாட்டேன் என்று ஒருவர் சொன்னால், அனுபவம் சைபர், மொத்தம் 13, கட்டாயத்தில் ஒரு சைபர். இரண்டு வகையிலும் வெளியே. இந்த ரெஸ்யூமேவில் உண்மையிலேயே எல்லாவற்றையும் தாங்கி நிற்கிற வரி இதுதான். சொந்தக்காரர் கொடுக்கும் கடிதத்தை யாரும் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். அந்த 8 மாதமும் சம்பளம் பேங்க் வழியாக வந்திருந்தால் ஸ்டேட்மெண்டை எடுத்து வையுங்கள். கையில் வாங்கியிருந்தால் பட்டறையின் லெட்டர்ஹெட்டில் ஜிஎஸ்டி எண்ணோடு, என்ன வேலை, எந்தத் தேதி முதல் எதுவரை என்று கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அதுவும் முடியாதென்றால் இன்னும் 8 மாதம் பொறுத்து இதே போன்ற வேலைக்கு அப்ளை பண்ணுவது, அல்லது 2 வருடம் கேட்கிற விளம்பரமாகத் தேடுவது. வேறு குறுக்கு வழி இல்லை. மாதக் கணக்கை நீட்டி எழுதினால் பிஎஃப் பதிவில் மாட்டிக்கொள்ளலாம்.

மார்க் போடுவது பற்றி இன்னொன்று. சாதாரணக் கட்டத்தை நீங்களே உங்களுக்குப் போட்டுக்கொண்டால் அது தானாகத் தாராளமாகிவிடும், ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் என்ன வேலை செய்தீர்கள் என்று உங்களுக்குத் தெரியும் என்பதால். விளம்பரத்தையும் ரெஸ்யூமேவையும் விதியையும் மட்டும் கொடுத்து, உங்கள் வேலை பற்றித் தெரியாத ஒருவரைப் போடச் சொல்லுங்கள். உங்கள் மார்க்கும் அவர் மார்க்கும் எந்த வரியில் விலகுகிறதோ அந்த வரிதான் மங்கலாக எழுதப்பட்டிருக்கிறது. யார் மார்க் சரி என்று வாதாட வேண்டாம், வரியைத் திருத்தினால் போதும்.

இந்தக் கணக்கு காட்டாததும் உண்டு. எதிர்பார்க்கும் சம்பளம், காரைக்குடியிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தினம் போய்வர வண்டி இருக்கிறதா, சீசனில் இரவு கணக்கு முடிக்கிறவரை நிற்பாரா, ஏற்கெனவே ஒருவரை மனதில் வைத்துக்கொண்டுதான் விளம்பரம் போட்டார்களா என்பதெல்லாம் எந்தக் கட்டத்திலும் வராது. திருத்திய ரெஸ்யூமே கறாரில் 16 வாங்கியும் இதே போன்ற இரண்டு மூன்று இடங்களில் நேர்முகத்துக்குக்கூட அழைக்கவில்லை என்றால் காரணம் தாளில் இல்லை. இந்தப் பட்டியலில்தான் தேட வேண்டும், மறுபடி ரெஸ்யூமேவைக் கிண்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

டிடிஎஸ் விஷயத்துக்குக் கோர்ஸ் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டிய தொகையைக் கணக்கிடுவது, சலான், பிறகு காலாண்டு ரிட்டர்ன் என்று சீனியர் செய்வதை ஒரு காலாண்டு முழுக்கக் கூட உட்கார்ந்து செய்யுங்கள். வாடகை, காண்ட்ராக்டர் பில், புரொஃபஷனல் ஃபீஸ் மூன்றுக்கும் எப்போது பிடிக்க வேண்டும், எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் ஹோட்டல் கணக்குக்குப் பெரும்பாலும் அது போதும். அதற்கப்புறம் அந்த வரியை ரெஸ்யூமேவில் சேருங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.